ஆட்சேபணை எழாத கேள்வி

சாட்சியச் சட்டத்தில் கொள்குறி வினா அமைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், தயங்காமல் சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணை, எதிர்த்தரப்பு நடத்தும் குறுக்கு விசாரணை, அழைத்த தரப்பு மீண்டும் நடத்தும் மறு விசாரணை ஆகியவற்றைப் பற்றிய சில பிரிவுகளைத்தான் சொல்வேன். பிரிவுகள் சிறியவை, மொழி எளியது, எல்லோரும் படித்திருப்பார்கள். அதனாலேயே ஒரு சொல்லை மாற்றி வைத்து வழுக்கி விழச் செய்வது எளிது. சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கும் சிலருக்கு மாலை நேரத்தில் இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு மாதிரித் தாளில் வந்த வினா பல நாட்களாக மனத்தை விட்டு அகலவில்லை. கொலை வழக்கு ஒன்றில் நேரில் கண்ட சாட்சியிடம் முதல் விசாரணையில் அரசு வழக்கறிஞர், "எதிரிதான் அரிவாளால் வெட்டினார், இல்லையா?" என்று கேட்கிறார். எதிரி என்பது நீதிமன்ற மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை. சாட்சி "ஆமாம்" என்கிறார். கேட்பவர் விரும்பும் பதிலைக் கேள்வியே சொல்லிக்கொடுத்துவிட்டது. இந்தப் பதிலின் நிலை என்ன? சாட்சியமாக ஏற்கவே முடியாது என்பது ஒரு விடை. ஏற்கலாம், ஆனால் அதன் மதிப்பு குறைவு என்பது மற்றொன்று. விடைத்தாள் முதல் விடையைச் சரி என்றது. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், சட்டத்துல 'ஆட்சேபிச்சா'ன்னுதானே இருக்கு? இங்க யாரும் ஆட்சேபிக்கலையே" என்றார். அவர் பிடித்துக்கொண்ட அந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 141, 142, 143 என மூன்று பிரிவுகளாக இருந்தவை, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 146ஆம் பிரிவின் நான்கு உட்பிரிவுகளாகிவிட்டன. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. அந்த நாளுக்கு முன் தொடங்கி நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடக்கும் என்பதால், நீதிமன்றத்தில் இரண்டு எண்களும் இன்னும் சில காலம் புழங்கும். கேட்பவர் எந்தப் பதிலை விரும்புகிறாரோ, எதிர்பார்க்கிறாரோ, அந்தப் பதிலைச் சாட்சிக்கு உணர்த்தும் கேள்வியே விடை உணர்த்தும் கேள்வி. நீதிமன்ற வளாகத்தில் அனைவரும் லீடிங் கேள்வி என்றுதான் சொல்வார்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதை முதல் விசாரணையிலோ மறு விசாரணையிலோ கேட்கக்கூடாது. அறிமுகமான விஷயங்கள், தகராறு இல்லாத விஷயங்கள், ஏற்கெனவே போதுமான அளவு நிரூபிக்கப்பட்டுவிட்டதாக நீதிமன்றம் கருதும் விஷயங்கள் ஆகியவற்றில் அனுமதி தந்தே ஆக வேண்டும். குறுக்கு விசாரணையில் தாராளமாகக் கேட்கலாம்.

இதை நிதானமாகப் படித்தால், தடை தானாக விழுவதில்லை என்பது புரியும். இரண்டு விஷயங்கள் சேர்ந்தால்தான் கேள்வி தடுக்கப்படுகிறது: எதிர்த்தரப்பு ஆட்சேபித்திருக்க வேண்டும், நீதிமன்றம் அனுமதி மறுத்திருக்க வேண்டும். ஆட்சேபணையே எழவில்லை என்றால் அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் எழவில்லை. ஆகவே "முதல் விசாரணையில் விடை உணர்த்தும் கேள்வியை எந்தச் சூழலிலும் கேட்க முடியாது" என்ற வாசகம் தவறு. "நீதிமன்றத்தின் அனுமதி இருந்தால் மட்டுமே கேட்க முடியும்" என்பதும் தவறு. இரண்டாவது வாசகம் பார்வைக்குச் சரியாகத் தோன்றுவதால் அதில்தான் பலர் விழுகிறார்கள். அறிமுக விஷயங்களில் நீதிமன்றம் "அனுமதிக்கலாம்" என்று வரும் வாசகமும் அப்படிப்பட்டதுதான். சட்டம் அந்த மூன்று வகைகளில் நீதிபதிக்கு விருப்புரிமை எதையும் வைக்கவில்லை, அனுமதிக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒரு விஷயம் போதுமான அளவு நிரூபணமாகிவிட்டதா என்று தீர்மானிப்பதில் மட்டும் அவருடைய கருத்துக்கு இடம் இருக்கிறது.

"ஆமாம், இல்லை" என்பது அளவுகோல் அல்ல

பதில் "ஆமாம்" அல்லது "இல்லை" என்று வரும் கேள்வியெல்லாம் விடை உணர்த்தும் கேள்வி என்று ஒரு சுருக்குவழி மாணவர்களிடையே உலவுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்திற்குள் போனால் பாதி இடங்களில் தவறாக எழுந்து நிற்க வேண்டியிருக்கும். ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் பால் ஊற்றப் போன ஒருவர், தெருமுனையில் நடந்த வெட்டைப் பார்த்ததாகப் போலீஸ் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது கூண்டில் அரசு தரப்பு சாட்சியாக நிற்கிறார். "நீங்கள் இந்த ஊரில்தான் பால் வியாபாரம் செய்கிறீர்களா?" என்பது பதிலை உணர்த்தும் கேள்வியே, ஆனால் அறிமுகம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, ஆட்சேபித்தாலும் நிற்காது. "அன்று காலை ஐந்தரை மணிக்கு எங்கே இருந்தீர்கள்?" என்பது சாட்சியின் நினைவை ஓர் இடத்துக்குத் திருப்புகிறது, பதிலைக் கொடுக்கவில்லை. "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்பது திறந்த கேள்வி, முதல் விசாரணையின் முதுகெலும்பே இதுதான்.

இனி சிக்கலான இடம். "எதிரியின் கையில் ஏதாவது இருந்ததா?" என்ற கேள்விக்கும் "ஆமாம், இல்லை" என்றே பதில் வரும். ஆனால் கேட்பவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது கேள்வியிலிருந்து அவ்வளவாக வெளிப்படவில்லை, பொருளின் பெயரும் அதில் இல்லை. "எதிரியின் கையில் அரிவாள் இருந்ததா?" என்று கேட்டால் அரிவாளைச் சாட்சியின் கையில் கொடுத்ததாகிவிடும். அடுத்து, "எதிரி எந்தக் கையால் அரிவாளை ஓங்கினார்?" என்ற கேள்வியைப் பாருங்கள். இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. சுருக்குவழிப்படி இது குற்றமற்ற கேள்வி. உண்மையில் இதுதான் ஆகப் பெரிய விடை உணர்த்தும் கேள்வி. எதிரி அங்கே இருந்தார், அவரிடம் அரிவாள் இருந்தது, அதை ஓங்கினார் என்ற மூன்று தகராறுகளையும் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, யாருக்கும் அக்கறையில்லாத நான்காவதைக் கேட்கிறது. சாட்சி "வலது கையால்" என்று இரண்டு சொல்லில் பதில் சொன்னால், மூன்றும் அவர் வாய்மொழியாகப் பதிவாகிவிடும். அதே கேள்வியை, சாட்சி தானாக "அரிவாளை ஓங்கினான்" என்று சொன்ன பிறகு கேட்டிருந்தால் அதில் குறை எதுவும் இல்லை. ஒரு கேள்வி விடையை உணர்த்துகிறதா என்பது, அதற்கு முன் சாட்சி என்ன சொல்லியிருக்கிறார், எது தகராறில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே தெரியும். தேர்வு வினாவில் இந்த முன்கதை சில சமயம் ஒரே ஒரு தொடரில் ஒளிந்திருக்கும். "சாட்சி எதிரியிடம் ஆயுதம் இருந்ததாகக் கூறிய பிறகு" என்பது போன்ற தொடர் கண்ணில் படாமல் போனால் விடை தலைகீழாகிவிடும்.

கேள்வி காணாமல் போகும் பதிவு

ஆட்சேபிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நீதிமன்ற ஏட்டைப் பார்த்தால்தான் உணர முடியும். குற்ற வழக்குகளில் சாட்சியம் பொதுவாகக் கதை வடிவில் பதிவாக வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 311ஆம் பிரிவு. நீதிபதி விரும்பினால் எந்தப் பகுதியையும் கேள்வி பதிலாகவே பதியலாம், ஆனால் அது விதிவிலக்கு. ஆகவே "எதிரிதான் வெட்டினார், இல்லையா?", "ஆமாம்" என்ற பரிமாற்றம், தட்டச்சில் "எதிரி அரிவாளால் வெட்டினார்" என்றுதான் இறங்கும். மேல்முறையீட்டில் அதைப் படிக்கும் நீதிபதிக்கு, சாட்சி தானாகச் சொன்னதும் வழக்கறிஞர் ஊட்டியதும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். அதனால் ஆட்சேபணை எழுப்பும் வழக்கறிஞர் கேள்வியைத் தடுத்தால் மட்டும் போதாது. நீதிமன்றம் அனுமதித்துவிட்டால், அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியும்படி கேட்க வேண்டும். சிவில் வழக்கில் இதற்குத் தனி விதியே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 18, விதி 11இன்படி, ஆட்சேபிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்ட கேள்வியையும், பதிலையும், ஆட்சேபணையையும், ஆட்சேபித்தவர் பெயரையும், நீதிமன்றத்தின் முடிவையும் எழுத வேண்டும்.

குறுக்கு விசாரணையில் மட்டும் கேள்வியின் நிழல் ஏட்டில் தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பதிவாகும் சாட்சியத்தைப் பார்த்தவர்களுக்கு "என்று சொன்னால் சரிதான்", "என்று சொன்னால் சரியல்ல" என்ற முடிப்புகள் பழக்கமானவை. "சம்பவ இடத்தில் தெரு விளக்கு எரியவில்லை என்று சொன்னால் சரிதான்" என்ற வரியில் யார் சொல்லைக் கொடுத்தார், யார் ஒப்புக்கொண்டார் என்று தெளிவாகத் தெரிகிறது. முதல் விசாரணைப் பகுதியில் அந்த முடிப்பு தென்பட்டால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

சிவில் வழக்கில் இன்னொரு விநோதம் உண்டு. 2002ஆம் ஆண்டிலிருந்து முதல் விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிறது. அதை எழுதுவது வழக்கறிஞர், கையெழுத்திடுவது சாட்சி. நேரில் கேட்டால் ஆட்சேபணைக்கு உள்ளாகும் ஒவ்வொரு கேள்விக்குமான பதிலும் அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தியது. ஆனால் சம்மன் அனுப்பி வரவழைக்கப்படும் சாட்சி, வாக்குமூலம் தராமல் நேரில் சாட்சியம் சொல்ல இடம் வைத்தது. விடை உணர்த்தும் கேள்வி பற்றிய தடை சிவில் நீதிமன்றத்தில் முதல் விசாரணையை விட மறு விசாரணையில்தான் இன்று அதிகம் உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

வர்க்கி ஜோசப் வழக்கு

மாணவியின் கேள்விக்கு, "நீங்கள் சொல்வதுதான் சரி" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் விடைத்தாள் தயாரித்தவர் மனத்தில் வேறொன்று இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வர்க்கி ஜோசப் எதிர் கேரள அரசு என்ற வழக்குதான் அது. அதில் அரசு வழக்கறிஞர், எதிரிக்கு எதிரான முக்கியமான விஷயங்களிலேயே சாட்சிகளிடம் விடை உணர்த்தும் கேள்விகளைக் கேட்டிருந்தார். சாட்சியை விஷயத்தின் வாசல்வரை அழைத்துச் செல்ல அத்தகைய கேள்வி உதவலாம். ஆனால் முக்கியப் பகுதிக்கு வந்ததும், தான் கண்டதைச் சாட்சி தானே சொல்லும்படி விட்டுவிட வேண்டும் என்றது நீதிமன்றம். 142ஆம் பிரிவு, எதிரிக்கு எதிரான முக்கியப் பகுதியில் அரசு வழக்கறிஞருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்றும், அங்கே நடந்தது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்றும் கூறியது. அத்துடன் நில்லாமல், அது சரிசெய்துவிடக்கூடிய முறைகேடு அல்ல என்றும் சொன்னது.

இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். சட்டத்தின் சொற்கள் "ஆட்சேபித்தால்" என்கின்றன. தீர்ப்பு, சரிசெய்ய முடியாத குறை என்கிறது. ஆட்சேபிக்காமல் விட்டதே ஒருவகையில் சம்மதம் என்றால், சம்மதத்தால் சரியாகிவிடும் ஒன்று சரிசெய்ய முடியாததாக எப்படி இருக்க முடியும்? இரண்டும் வெவ்வேறு நேரத்தில் எழும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று பார்த்தால் முரண் தளர்கிறது. சாட்சி கூண்டில் நிற்கும்போது, இந்தக் கேள்வியை இப்போது கேட்கலாமா என்பது முதல் கேள்வி. அதற்குப் பிரிவின் சொற்கள் போதும். ஆட்சேபணை இல்லாததால் பதில் ஏட்டில் ஏறுகிறது, ஏறிய பதிலை இல்லாத பதிலாக்கும் சொல் எதுவும் பிரிவில் இல்லை. வழக்கின் முடிவில், இந்தப் பதில்களை வைத்து ஒருவரைத் தண்டிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. வர்க்கி ஜோசப் பேசுவது அதைத்தான். குற்றத்தின் மையத்தையே வழக்கறிஞர் ஊட்டி, சாட்சி தலையசைத்திருந்தால், அதன்மேல் கட்டிய தண்டனை நிற்காது. எதிரியின் வழக்கறிஞர் வாய்மூடி இருந்தார் என்பதற்காக எதிரியின் உரிமை போய்விடாது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் அந்த மாதிரி வினாவுக்கு, ஏற்கலாம் ஆனால் மதிப்பு குறைவு என்பதே சரியான விடை. வினா "அந்தப் பதிலை மட்டும் அடிப்படையாகக் கொண்டு தண்டிக்கலாமா" என்று கேட்டிருந்தால் விடை வேறு. விடைத்தாள் தயாரித்தவர் இரண்டாவது கேள்விக்கான விடையை முதல் கேள்வியின் கீழ் எழுதிவிட்டார் என்றே நினைக்கிறேன். இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் வழக்கறிஞர்களிலேயே இருக்கிறார்கள். தீர்ப்பின் கடுமையான சொற்களை அப்படியே எடுத்தால் பதிலையே தூக்கி எறிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் பிரிவில் உள்ள நிபந்தனைக்கு வேலையே இல்லாமல் போகிறதே என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து நிறைவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சாட்சி பிறழும்போது

பால்காரருக்குத் திரும்புவோம். "என்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவர், "இருட்டா இருந்ததுங்க, யாருன்னு முகம் தெரியல" என்று சொல்லிவிடுகிறார். இனி திறந்த கேள்விகளால் பயனில்லை. அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதி விசாரிக்க அனுமதி கேட்கிறார். இது 146ஆம் பிரிவின் அனுமதி அல்ல, 157ஆம் பிரிவின் அனுமதி. பழைய சட்டத்தில் 154. 146இன் அனுமதி கேள்வியின் வடிவத்தை மட்டும் தளர்த்துகிறது. 157இன் அனுமதி, குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடிய எதையும், முந்தைய வாக்குமூலத்தைக் காட்டி முரண்படுத்துவது உட்பட, தன் சாட்சியிடமே கேட்கும் வழியைத் திறக்கிறது. "பிறழ் சாட்சி" என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லவே இல்லை. சாட்சி பொய் சொல்கிறார் என்று நீதிமன்றம் தீர்மானித்த பிறகே அனுமதி தரலாம் என்று வரும் வினா வாசகம் அதனால் தவறு; அனுமதி நீதிமன்றத்தின் விருப்புரிமை, சாட்சியின் நேர்மை பற்றிய தீர்ப்பு அல்ல. 1976இல் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளிவந்த சத்பால் எதிர் டெல்லி நிர்வாகம் வழக்கு இதை விரிவாகச் சொல்கிறது. அப்படி விசாரிக்கப்பட்டவரின் சாட்சியம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. பிரிவின் இரண்டாவது உட்பிரிவும் அதையே சொல்கிறது. பால்காரர் "விடியற்காலையில் அந்தத் தெருவில் வெட்டுப்பட்டவர் விழுந்து கிடந்தார்" என்று சொன்ன பகுதி நம்பத்தக்கதாக இருந்தால் அது பயன்படும். ஆனால் அவர் முன்பு போலீஸிடம் எதிரியின் பெயரைச் சொன்னார் என்பது முரண்பாட்டைக் காட்ட மட்டுமே பயன்படும், எதிரி வெட்டினார் என்பதற்குச் சான்றாகாது. தேர்வெழுதுபவர்கள் அதிகம் தவறும் இடங்களில் இது ஒன்று.

குறுக்கு விசாரணையின் எல்லை

குறுக்கு விசாரணை, முதல் விசாரணையில் சாட்சி சொன்னவற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் பொதுவாக அந்த வரம்பு உண்டு என்பதால், அந்த நாட்டுப் பயிற்சி வினாக்களைப் படித்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். இங்கே இரண்டு விசாரணைகளும் தொடர்புடைய பொருண்மைகளைப் பற்றியதாக இருந்தால் போதும். ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் அழைக்கப்பட்டவரை, அவர் சாட்சியாக அழைக்கப்படும் வரை குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது மற்றொரு சிறிய பொறி.

விடை உணர்த்தும் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம் என்பதால் அது ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக்கூடாது. வழக்கறிஞர் முன்வைக்கும் கருத்து தன்னளவில் சான்றாகாது. சாட்சி "சரியல்ல" என்றால் எதிரிடையானது நிரூபணமாகிவிடுவதும் இல்லை. ஆனால் சாட்சி ஒப்புக்கொண்டால் கதை வேறு. 2023இல் பாலு சுதாம் கல்தே எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், எதிரியின் வழக்கறிஞர் முன்வைத்த கருத்தும் அதற்குச் சாட்சி தந்த பதிலும் சாட்சியத்தின் பகுதியே, மற்ற சான்றுகளோடு சேர்த்து எதிரிக்கு எதிராகவும் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம் வழக்கில் வேறொரு சாட்சியிடம் எதிரியின் வழக்கறிஞர், "இறந்துபோனவர் முதலில் தாக்கியதால்தான் எதிரி அரிவாளை எடுத்தார் என்று சொன்னால் சரிதானே?" என்று கேட்டு, சாட்சி "சரிதான்" என்றால், தற்காப்புக்கு ஒரு பிடி கிடைத்தது உண்மை. அதோடு எதிரி அங்கே இருந்ததும், அரிவாள் அவர் கையில் இருந்ததும் அவர் தரப்பிலிருந்தே ஏட்டில் ஏறிவிட்டன. எதிரி வேறு ஊரில் இருந்தார் என்ற வாதத்தை அதற்கு மேல் யாரிடம் சொல்வது?

மறு விசாரணைக்கு எழும் அரசு வழக்கறிஞர், இந்த ஒப்புதலின் விளக்கத்தை மட்டும் கேட்கலாம். "அப்போது இறந்தவரின் கையில் என்ன இருந்தது?" என்பது விளக்கம் கேட்பது. "இறந்தவரின் கையில் எதுவுமே இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டால், முதல் விசாரணைக்கு இருந்த அதே தடை இங்கேயும் காத்திருக்கிறது, ஆட்சேபணை எழுந்தால். அவர் நீதிமன்ற அனுமதியோடு புதிய விஷயம் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால், அந்தப் புதிய விஷயத்தின் மீது மட்டும் எதிர்த்தரப்பு மீண்டும் குறுக்கு விசாரணை செய்ய உரிமை பெறுகிறது.